40 காசும் ‘பலகைவினை’யும்: காயின் சேஞ்ச், வேர்ட் பிரேக் இரண்டுக்கும் ஒரே அட்டவணை

டைனமிக் புரோகிராமிங் படிக்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே சந்திக்கும் கேள்விகள் இரண்டு உண்டு. லீட்கோட்டில் 322-ஆம் எண் காயின் சேஞ்ச், 139-ஆம் எண் வேர்ட் பிரேக். முதலாவதில் சில நாணய மதிப்புகளும் ஒரு தொகையும் தருவார்கள். மிகக் குறைந்த நாணயங்களில் அந்தத் தொகையைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் இடைவெளி இல்லாத ஒரு ஸ்ட்ரிங்கும் ஒரு சொல் பட்டியலும் தருவார்கள். பட்டியலில் உள்ள சொற்களாகவே அதை மிச்சமின்றிப் பிரிக்க முடியுமா என்று சொல்ல வேண்டும்.

ஒன்றில் எண், மற்றதில் எழுத்து என்பதால் பலர் இவற்றைத் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். உண்மையில் கேள்வி ஒன்றுதான். கையில் சில துண்டுகள் இருக்கின்றன, எந்தத் துண்டையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 0-இல் புறப்பட்டு, துண்டு துண்டாக முன்னேறி, இலக்கில் மிகச் சரியாகப் போய் நிற்க முடியுமா? நாணயம் என்றால் துண்டின் நீளம் அதன் மதிப்பு. சொல் என்றால் துண்டின் நீளம் அதிலுள்ள எழுத்துகளின் எண்ணிக்கை. இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு நிரல்களும் ஏறக்குறைய ஒரே வரிகளாக வந்துவிடும்.

பெரியதை முதலில் எடுத்தால் என்ன?

சில்லறை கொடுக்கும்போது நம் கை தானாகப் பெரிய நாணயத்தைத்தான் முதலில் எடுக்கும். இன்று புழங்கும் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களுக்கு அந்த வழி எப்போதுமே சரியான விடையைத் தரும். பழைய காசுகளுக்குத் தராது. 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போன சிறு நாணயங்களில் 5, 10, 20, 25 காசுகள் இருந்தன. 40 காசு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியதை முதலில் எடுத்தால் 25, அப்புறம் 10, அப்புறம் 5. மொத்தம் மூன்று நாணயங்கள். இரண்டு 20 காசுகளே போதுமே! 25-ஐ எடுத்த நொடியிலேயே அந்த நல்ல வழி அடைபட்டுவிட்டது.

சொற்களிலும் இதே கோளாறு வரும். பட்டியலில் ‘பல’, ‘பலகை’, ‘கைவினை’ என்று மூன்று சொற்கள் மட்டும் இருக்கட்டும். பிரிக்க வேண்டியது ‘பலகைவினை’. நீளமான சொல்லை முதலில் எடுக்கும் நிரல் ‘பலகை’யைப் பிய்த்துக்கொள்ளும். மிச்சம் ‘வினை’. அது பட்டியலில் இல்லை, ஆகவே முடியாது என்று சொல்லிவிடும். சரியான பிரிப்பு ‘பல’, ‘கைவினை’.

தவறான தேர்வு என்று தெரிந்ததும் பின்வாங்கி அடுத்ததைப் பார்க்கலாம், அதாவது எல்லா வழிகளையும் ரிகர்ஷனில் தேடலாம். விடை சரியாக வரும், ஆனால் நேரம் தாங்காது. 30 `a` எழுத்துகளும் கடைசியில் ஒரு `b`-யும் உள்ள ஸ்ட்ரிங், பட்டியலில் `a`, `aa`, `aaa` என்று 30 எழுத்து நீளம் வரை எல்லாச் சொற்களும் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் 30 எழுத்துகளை மட்டும் பிரிக்க 2^29 வழிகள் உண்டு, 53 கோடிக்கு மேல். அத்தனையையும் முயன்று பார்த்த பிறகுதான் கடைசி `b` பொருந்தாது என்பது தெரியவரும். இவ்வளவுக்கும் நடந்தது என்ன? 17-ஆம் இடத்திலிருந்து மேலே போக முடியுமா என்ற ஒரே கேள்வியை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். ஸ்ட்ரிங்கில் மொத்தம் இருப்பது 32 இடங்கள்தான், தொடக்கத்தையும் சேர்த்து. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தடவை விடை கண்டு ஓர் அட்டவணையில் எழுதி வைத்தால் போதும். நிரலில் அந்த அட்டவணையின் பெயர் `dp`.

கட்டத்துக்கு ஒரு வாக்கியம்

நிரலைத் தொடும் முன் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: `dp[t]` என்றால் என்ன? காயின் சேஞ்சில், “`t` காசைச் சரியாகக் கொடுக்கத் தேவையான மிகக் குறைந்த நாணயங்கள்”. வேர்ட் பிரேக்கில் `dp[i]` என்றால், “முதல் `i` எழுத்துகளை மிச்சமின்றிச் சொற்களாகப் பிரிக்க முடியுமா”. கவனியுங்கள், ‘`i`-ஆம் எழுத்து’ அல்ல, ‘முதல் `i` எழுத்துகள்’. அட்டவணையின் எண்கள் எழுத்துகளைக் குறிப்பதில்லை, எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெட்டுமிடங்களைக் குறிக்கின்றன. எட்டு எழுத்து ஸ்ட்ரிங்குக்கு ஒன்பது கட்டங்கள் வருவது அதனால்தான். ஒன்று கூடிப்போனது, ஒன்று குறைந்தது என்று இந்தக் கணக்கில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டதால் வருபவை.

அடுத்தது தொடக்கக் கட்டம். 0 காசு கொடுக்க 0 நாணயம் போதும், ஆகவே `dp[0] = 0`. எதுவுமில்லாத ஸ்ட்ரிங்கைப் பிரிக்க ஒன்றுமே செய்ய வேண்டாம், ஆகவே `dp[0] = True`. ‘வெற்று ஸ்ட்ரிங் பட்டியலில் இல்லையே, எப்படி உண்மையாகும்?’ என்ற தயக்கம் புதியவர்களுக்கு வரும். அந்தக் கட்டம் புறப்படும் இடம், அவ்வளவே. அதை `False` என்று வைத்தால் ஒரு சொல்கூட அங்கிருந்து கிளம்பாது, அட்டவணை முழுவதும் `False` ஆகவே நிற்கும். உங்கள் நிரல் எதைக் கொடுத்தாலும் முடியாது என்கிறதா? முதலில் இந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் இதன் உயிர்: கடைசித் துண்டு எதுவாக இருந்திருக்கும்? 40 காசில் வந்து நிற்கிறோம் என்றால் கடைசியாக வைத்த நாணயம் 5, 10, 20, 25 ஆகியவற்றில் ஒன்று. அதற்கு முன் முறையே 35, 30, 20, 15-இல் நின்றிருப்போம். அந்த நான்கு கட்டங்களில் எது சிறியதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் விடை. முழு வழியையும் யோசிக்க வேண்டியதில்லை, கடைசி அடி மட்டும் போதும்.

```python
def min_coins(coins, target):
    INF = target + 1
    dp = [0] + [INF] * target
    for t in range(1, target + 1):
        for c in coins:
            if c <= t and dp[t - c] + 1 < dp[t]:
                dp[t] = dp[t - c] + 1
    return dp[target] if dp[target] < INF else -1
```

இன்னும் எட்டப்படாத கட்டங்களுக்கு `target + 1` என்ற எண் போட்டிருக்கிறோம். மிகச் சிறிய நாணயமே 1 காசு என்றாலும் `target` எண்ணிக்கைக்கு மேல் நாணயங்கள் தேவைப்படாது. ஆகவே அதைவிட ஒன்று கூடுதலான எண் ‘எட்ட முடியாது’ என்பதற்கு நல்ல அடையாளம். ஜாவாவில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் `Integer.MAX_VALUE` போட்டு மாட்டிக்கொள்வதுண்டு. அதோடு 1 கூட்டினால் மதிப்பு சுற்றிக்கொண்டு எதிர்மறையாகிவிடும், அதையே மிகச் சிறிய விடை என்று நிரல் எடுத்துக்கொள்ளும். விடையாக -2147483648-ஐ ஒட்டிய ஓர் எண் வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, 40 காசு அட்டவணையைக் கையால் நிரப்பிப் பார்ப்போம். 5-இன் மடங்கல்லாத கட்டங்கள் எல்லாம் எட்டாதவையாகவே நிற்கும், அவற்றை விட்டுவிடலாம். 5-க்கு 1, 10-க்கு 1. 15-க்கு 10-இலிருந்தோ 5-இலிருந்தோ வரலாம், இரண்டிலும் 2. 20-க்கு 1, 25-க்கு 1. 30-க்கு முந்தைய கட்டங்கள் 25, 20, 10, 5. எல்லாமே 1, ஆகவே விடை 2. 35-க்கு முந்தையவை 30, 25, 15, 10. அவற்றில் சிறியது 1, ஆகவே 2. கடைசியாக 40: முந்தைய கட்டங்கள் 35-இல் 2, 30-இல் 2, 20-இல் 1, 15-இல் 2. சிறியது 20-இல் உள்ள 1. கூட்டினால் 2. பெரியதை முதலில் எடுத்தபோது கண்ணில் படாத 20 + 20 இங்கே தானாக வந்து நிற்கிறது. 25 காசு வழியையும் தள்ளிவிடவில்லை, 15-ஆம் கட்டத்தின் வழியாக அதையும் எடைபோட்டுத்தான் விட்டிருக்கிறோம்.

இப்போது சொற்கள்:

```python
def word_break(s, words):
    dp = [True] + [False] * len(s)
    for i in range(1, len(s) + 1):
        for w in words:
            k = len(w)
            if k <= i and dp[i - k] and s[i - k:i] == w:
                dp[i] = True
                break
    return dp[len(s)]
```

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். `c` இருந்த இடத்தில் `k`, சிறியதைத் தேடிய இடத்தில் ஆம்–இல்லை. உண்மையில் புதிதாக வந்தது `s[i - k:i] == w` என்ற ஒரு சோதனை மட்டுமே. 20 காசு நாணயத்தை எந்த இடத்திலிருந்தும் வைக்கலாம், சொல்லை அதன் எழுத்துகள் பொருந்தும் இடத்தில் மட்டுமே வைக்க முடியும். ஆம் என்று தெரிந்ததும் `break` போட்டு வெளியேறலாம். காயின் சேஞ்சில் அப்படி முடியாது, அடுத்த நாணயம் இன்னும் சிறிய எண்ணைத் தரக்கூடும்.

‘பலகைவினை’யை இதில் ஓட்டுவோம். நம் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்துகள். பைத்தானில் `len` கேட்டால் 8 என்று வரும். உயிர்மெய்யின் மெய்ப்பகுதியையும் உயிர்க்குறியையும் யூனிகோட் தனித்தனியாக வைப்பதால் ப, ல, க, ை, வ, ி, ன, ை என்று எட்டு. அட்டவணையில் 2-ஆம் கட்டம் ‘பல’வால் உண்மையாகிறது, 4-ஆம் கட்டம் ‘பலகை’யால். 5, 6, 7 மூன்றிலும் எதுவும் முடிவதில்லை. 8-இல் ‘கைவினை’ முடிகிறது. அதன் நீளம் 6, ஆகவே 2-ஆம் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அது உண்மை, ஆகவே விடையும் உண்மை. 4-ஆம் கட்டம் முட்டுச்சந்தாகவே நின்றுவிட்டது. அதனால் யாருக்கும் நட்டமில்லை, யாரும் அதை வழியில் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

`c <= t` எதற்கு?

ஜாவாவிலோ சி++-இலோ சரிபார்க்காமல் விட்டால் வேறு வகையில் வெடிக்கும். பைத்தானில் சத்தமில்லாமல் தவறான விடை வரக்கூடும், அதுதான் ஆபத்து. எதிர்மறை இன்டெக்ஸ் கொடுத்தால் பைத்தான் பட்டியலைப் பின்னாலிருந்து எண்ணும். நாணயம் 5 மட்டும், இலக்கு 3 என்று ஒரு சோதனை. `t` 1 ஆக இருக்கும்போது `dp[-4]` கேட்கிறோம். நான்கு கட்டப் பட்டியலில் அது `dp[0]`, அதாவது 0. ஆகவே `dp[1]` 1 ஆகிறது. அடுத்து `dp[-3]` என்பது `dp[1]`, அதனால் `dp[2]` 2 ஆகிறது. கடைசியில் விடை 3. மூன்று 5 காசுகளைக் கொடுத்தால் 3 காசு!

இந்தப் பிழை இன்னும் விஷமமானது. எல்லா நாணயங்களும் இலக்குக்குள் அடங்கினால் எதிர்மறை இன்டெக்ஸ் போய் விழுவது இன்னும் நிரப்பாத கட்டங்களில்தான், அங்கே `INF` இருப்பதால் விடை தப்பித்துவிடும். இலக்கைவிட இரண்டோ அதற்கு மேலோ பெரிய நாணயம் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே உங்கள் சோதனைகளில் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

லூப்பின் வரிசை

வெளியே இலக்கு, உள்ளே துண்டுகள் என்று மேலே எழுதினோம். மாற்றி எழுதினால் என்ன ஆகும்? குறைந்த நாணயங்களைக் கேட்கும்வரை ஒன்றும் ஆகாது, இரண்டு வரிசையிலும் அதே விடை. ‘எத்தனை வழிகள்’ என்று கேட்டதும் கதை மாறுகிறது. 5, 10 காசுகளைக் கொண்டு 15 காசைக் கொடுக்க எத்தனை வழிகள்? 5+5+5, 5+10 என்று இரண்டா, அல்லது 10+5-ஐயும் சேர்த்து மூன்றா? லீட்கோட்டின் 518-ஆம் கேள்வி முதலாவதைக் கேட்கிறது, 377-ஆம் கேள்வி இரண்டாவதை.

```python
ways = [1] + [0] * target
for c in coins:
    for t in range(c, target + 1):
        ways[t] += ways[t - c]
```

நாணயத்தை வெளி லூப்பில் வைத்தால் முதலில் 5 காசு மட்டும் உள்ள உலகம், அப்புறம் 10 காசு நுழையும் உலகம். 10 வந்தபின் 5 திரும்ப வராது, ஆகவே 10+5 என்று ஒரு வழி உருவாகவே முடியாது. விடை 2. லூப்களை இடம் மாற்றினால் ஒவ்வொரு தொகையிலும் கடைசி நாணயம் எது வேண்டுமானாலும் ஆகலாம், விடை 3. இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: `t` சிறியதிலிருந்து பெரியதற்குப் போவதால்தான் நாணயம் மறுபடி மறுபடி பயன்படுகிறது. 20 நிரம்பியபின் 40-க்கு வரும்போது அதே 20 காசு இன்னொரு தடவை சேர்கிறது. உள் லூப்பை மேலிருந்து கீழே ஓட்டினால் 40-ஐப் பார்க்கும் நேரத்தில் 20-ஆம் கட்டத்தில் அந்த நாணயம் இன்னும் ஏறியிருக்காது. ஒவ்வொரு நாணயமும் ஒரு தடவைதான் என்ற வேறொரு கணக்குக்கு விடை எழுதிவிடுவீர்கள்.

வேர்ட் பிரேக்கில் தேர்வே இல்லை, ஸ்ட்ரிங்கின் இடம்தான் வெளியே இருக்க வேண்டும். சொற்களை வெளியே வைத்து, பட்டியலை ‘கைவினை’, ‘பல’ என்ற வரிசையில் கொடுத்துப் பாருங்கள். ‘கைவினை’யின் முறை வரும்போது 2-ஆம் கட்டம் இன்னும் `False`, ஆகவே 8 நிரம்பாது. அப்புறம் ‘பல’ வந்து 2-ஐ நிரப்பும்போது ‘கைவினை’ போய்விட்டது. பட்டியலைத் திருப்பிப் போட்டால் அதே நிரல் `True` என்கிறது. சொற்களின் வரிசையை மாற்றும்போது விடையும் மாறுகிறதென்றால் லூப்கள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று அர்த்தம்.

விடையோடு வழியும் வேண்டுமானால்

எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த நாணயங்கள் என்றும் கேட்டால் `dp[t]` மாறும் ஒவ்வொரு தடவையும் `last[t] = c` என்று குறித்து வையுங்கள். இலக்கிலிருந்து `last`-ஐக் கழித்துக்கொண்டே 0 வரை இறங்கினால் நாணயங்கள் வரிசையாகக் கிடைக்கும். சொற்களுக்கும் இதேதான், கிடைத்த பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

எல்லாப் பிரிப்புகளையும் கேட்பது வேறு விஷயம் (லீட்கோட்டில் 140). பட்டியலில் ‘தா’, ‘மரை’, ‘தாமரை’, ‘இலை’ இருந்தால் ‘தாமரைஇலை’ இரண்டு விதமாகப் பிரியும். பள்ளி இலக்கணத்தில் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக வரும் அதே ‘தாமரை’. 5-ஆம் கட்டத்துக்கு 0-இலிருந்து ஒரு வழி, 2-இலிருந்து ஒரு வழி. எண்ணிக்கை மட்டும் என்றால் கூட்டினால் முடிந்தது. பிரிப்புகளையே எழுதித் தர வேண்டும் என்றால், விடைகளே 53 கோடி இருக்கும்போது எந்த அட்டவணையும் காப்பாற்றாது. முதலில் 139-இன் அட்டவணையை ஓட்டி, இலக்கை எட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கடைசியில் ஒரு `b` மட்டும் பொருந்தாத ஸ்ட்ரிங் அங்கேயே நின்றுவிடும்.

தமிழ் ஸ்ட்ரிங்கைக் கொடுக்கும்போது

‘பலா’ என்ற ஸ்ட்ரிங்கில் ‘பல’ என்ற சொல் இரண்டாம் இடம்வரை பொருந்தும், மிச்சம் ‘ா’ என்ற குறி மட்டும். எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டோமே என்று தோன்றும். விடை கெடாது, ஏனென்றால் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்கும் சொல் பட்டியலில் இருக்காது. அந்தக் கட்டத்திலிருந்து எதுவும் கிளம்பாது.

விடையைக் கெடுப்பது வேறொன்று. ‘கொ’ என்பதை க-வும் ‘ொ’ குறியும் என்றும் சேமிக்கலாம், க, ‘ெ’, ‘ா’ என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, `==` மட்டும் பொய் என்று சொல்லும். கண்ணுக்கு முன்னால் சொல் இருந்தும் நிரல் மறுத்தால் ஸ்ட்ரிங்கையும் பட்டியலையும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

அதையும் தாண்டி ஒரு எல்லை இருக்கிறது. ‘வேங்கை’யை ‘வேம்’, ‘கை’ என்று இந்த அட்டவணையால் பிரிக்க முடியாது, புணர்ச்சியில் ‘ம்’ மாறி ‘ங்’ ஆகிவிட்டது. ‘பலாப்பழம்’ என்பதிலும் ‘பலா’வுக்கும் ‘பழம்’ என்பதற்கும் நடுவே ஒரு ‘ப்’ நிற்கிறது. ‘பலாப்’ என்ற வடிவத்தையும் பட்டியலில் சேர்த்தால் இது பிரியும். மாறும் வடிவங்களையெல்லாம் அப்படிச் சேர்த்துக்கொண்டே போகலாம், பட்டியல் பெருகும் வேகத்தில் உள் லூப்பும் பெருகும். அப்போது எல்லாச் சொற்களையும் ஓட்டுவதை விட்டுவிட்டு, சொற்களை ஒரு `set`-இல் போட்டு, மிக நீளமான சொல்லின் நீளம் வரைக்கும் மட்டும் `k`-ஐ ஓட்டுங்கள். லீட்கோட்டின் வரம்பில் 1000 சொற்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 20 எழுத்து. ஒரு கட்டத்துக்கு ஆயிரம் சோதனைகள் இருந்த இடத்தில் இருபதே மிஞ்சும்.